ஒரே அறிக்கையை டாக்டருக்கும் கம்பெனிக்கும் கொடுக்கலாமா?

கேள்வி: மண்டபத்தில் சிறிய பிசியோதெரபி மையம் நடத்துகிறேன். நண்டு கம்பெனியில் வேலை பார்க்கும் 44 வயது அக்கா ஒருவர், வலது மணிக்கட்டு எலும்பு முறிந்து மாவுக்கட்டு பிரித்தபின், ராமநாதபுரம் எலும்பு டாக்டரின் சீட்டோடு என்னிடம் வருகிறார். என்னிடம் வரத் தொடங்கி ஆறு வாரம் ஆகிறது. டாக்டர் முன்னேற்ற அறிக்கை கேட்டிருக்கிறார். கம்பெனி மேலாளரும், "எத்தனை நாள் வந்தார், எப்போது முழு வேலைக்கு வருவார் என்று எழுதிக் கொடுங்கள்" என்கிறார். இரண்டு பக்கத்தில் ஓர் அறிக்கை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். இதையே இருவருக்கும் கொடுக்கலாமா? 18 நாளில் 11 நாள்தான் வந்தார் என்று எழுதினால் அவருக்குப் பாதகமாகிவிடுமா? எப்போது குணமாகும் என்பதை எப்படிக் குறிப்பிடுவது?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில், கடைசிக்கு முந்தைய வரியில் இப்படி எழுதியிருக்கிறீர்கள்: "இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய் விழிப்பு வருகிறது, கையை உதறினால் சரியாகிறது." மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால், இந்த ஒரு வரிக்காக இன்றே டாக்டரைத் தொலைபேசியில் அழையுங்கள். அறிக்கை எழுதி, நோயாளி கையில் கொடுத்து, அவர் அடுத்த முறை ராமநாதபுரம் போகும்போது டாக்டர் பார்க்கட்டும் என்று விடுகிற சங்கதி இல்லை இது.

காரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான். மணிக்கட்டுக்கு மேலே ஆரை எலும்பின் நுனி முறிந்தவர்களில் சிலருக்கு மீடியன் நரம்பு நெருக்கப்படுகிறது. வீக்கத்தால் நெருங்கலாம்; எலும்பு சற்றுக் கோணலாகக் கூடியதாலும் நெருங்கலாம். அந்த நரம்புதான் இந்த மூன்று விரல்களுக்கும் உணர்ச்சி தருகிறது. கட்டைவிரலின் அடிச்சதையில் பெரும்பகுதியை இயக்குவதும் அதுவே. மரத்துப்போதல் இரவில் மட்டும் வந்து போகும்போதே பிடித்துவிட்டால், மணிக்கட்டை நேராக வைக்கும் இரவுப் பட்டையோடு கவனித்துப் பார்க்க அவகாசம் இருக்கும். பகலிலும் நிலைத்து, கட்டைவிரல் மேடு வற்றத் தொடங்கியபின் பிடித்தால், இழந்த வலிமை முழுவதும் திரும்பும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. நரம்புப் பரிசோதனை வேண்டுமா, படம் மறுபடி எடுக்க வேண்டுமா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர். அவர் முடிவெடுக்க வேண்டிய விஷயம் இரண்டாம் பக்கத்தின் அடியில் கிடக்கிறது.

அழைப்பதற்கு முன் மூன்று காரியங்களைச் செய்து குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு உள்ளங்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கட்டைவிரல் மேடு வலப்பக்கம் சப்பையாகி இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளங்கை மேலே பார்க்க மேசையில் வைத்து, கட்டைவிரலை நேர் மேலே கூரையை நோக்கித் தூக்கச் சொல்லி, உங்கள் விரலால் எதிர்த்து அழுத்திப் பாருங்கள். சுண்டுவிரல் நுனியையும் ஆள்காட்டி விரல் நுனியையும் பஞ்சால் தொட்டு, இரண்டும் ஒரே மாதிரி தெரிகிறதா என்று கேளுங்கள். இந்த மூன்றின் விடையோடு பேசினால் டாக்டரிடம் இரண்டு நிமிடம் போதும்.

இந்த ஒரு வரியே உங்கள் முதல் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறது. டாக்டருக்கு அது முதல் வரியாக இருக்க வேண்டும். கம்பெனிக்கு அது போகவே கூடாது. ஆகவே ஒரே அறிக்கை இரண்டு பேருக்கும் பொருந்தாது. டாக்டர் சிகிச்சையை மாற்ற வேண்டுமா என்று முடிவெடுக்கப் போகிறார். மேலாளர் இவரை எந்த மேசையில் உட்கார வைப்பது, எத்தனை நாளைக்கு மாற்று ஆள் போடுவது என்று முடிவெடுக்கப் போகிறார். முன்னவருக்கு உடம்பின் நிலை தெரிய வேண்டும். பின்னவருக்கு அந்தக் கையால் எது முடியும், எது கூடாது, எதுவரை என்பது போதும்.

டாக்டருக்கான அறிக்கையை ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். ஆங்கிலத்தில் எழுதுவதே வழக்கம். வரிசையை மட்டும் சொல்கிறேன். முதலில் நோயாளி யார், எந்தத் தேதியில் அடிபட்டது, எத்தனை வாரம் கட்டு இருந்தது, இன்று எத்தனையாவது வாரம் என்று ஒரே வாக்கியம். அடுத்த வாக்கியத்திலேயே அவரிடம் உங்களுக்கு என்ன வேண்டும் என்பது: "இரவில் மீடியன் நரம்புப் பகுதியில் மரத்துப்போதல் உள்ளது, உங்கள் பரிசோதனையை வேண்டுகிறேன், அதுவரை பிடிவலிமைப் பயிற்சியைக் கூட்டவில்லை." அதன் பிறகுதான் அளவுகள்.

அளவுகளை நீங்கள் நன்றாகவே எடுத்திருக்கிறீர்கள். ஆனால் எழுதும்போது "அசைவு நன்கு முன்னேறியுள்ளது, பிடிவலிமை கூடியுள்ளது" என்று கரைத்துவிட்டீர்கள். உங்கள் நோட்டிலிருந்து நகலெடுத்து வைத்திருக்கும் எண்களே பேசுகின்றனவே. மணிக்கட்டை மேல்நோக்கி மடக்குவது முதல் நாள் 15 பாகையாக இருந்து இன்று 45. இடது கையில் 70. உள்ளங்கையை வானம் பார்க்கத் திருப்புவது 30 ஆக இருந்து 65, இடதில் 85. டைனமோமீட்டரில் பிடிவலிமை 4 கிலோவிலிருந்து 11, இடதில் 22. கட்டைவிரல் நுனியும் ஆள்காட்டி விரல் நுனியும் சேர்ந்து கிள்ளும் வலிமை 1.5 கிலோவிலிருந்து 2 மட்டுமே, இடதில் 5.

இந்த நான்கையும் சேர்த்துப் பாருங்கள். அசைவு ஏறுகிறது, முழுக்கைப் பிடி ஏறுகிறது, நுனிக்கிள்ளல் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. கிள்ளுமானியில் அரைக் கிலோ ஏற்றத்தை ஏற்றமென்றே நான் கொள்ளமாட்டேன். மறுநாள் அளந்தாலே அந்த அளவுக்கு மாறும். நுனிக்கிள்ளலுக்கு மீடியன் நரம்பு இயக்கும் தசைகள் வேண்டும். ஆக இரவில் மரத்துப்போவதும் இந்த எண்ணும் ஒரே திசையைக் காட்டுகின்றன. "பிடிவலிமை கூடியுள்ளது" என்ற உங்கள் வாக்கியம் பொய்யில்லை. ஆனால் டாக்டர் பார்க்க வேண்டியதை அது மூடிவிடுகிறது.

எண்களோடு இரண்டு சிறு குறிப்புகளைச் சேருங்கள். அளந்தது தானாக அசைத்ததா, நீங்கள் பிடித்து அசைத்ததா என்று சொல்லுங்கள். உங்கள் நோட்டில் அது இல்லை. கோனியோமீட்டரில் ஐந்து பாகை வரை அளப்பவர் கையின் பிழையாகவே இருக்கலாம் என்பதால், இனி எப்போதும் அதே முறையில் நீங்களே அளக்க வேண்டும். மற்றொன்று, இவர் வலக்கைக்காரர். பொதுவாகப் பழகிய கை மற்றதைவிடப் பத்தில் ஒரு பங்கு வலுவாக இருக்கும். ஆகவே 22-இல் 11, பாதி வந்துவிட்டது என்று எழுதாதீர்கள். அடிபடாத வலது கையில் 24 கிலோவாவது இருந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டால் பாதிக்குச் சற்றுக் குறைவு.

இனி இலக்குகள். உங்கள் அறிக்கையில் அவை இப்படி உள்ளன: "வலியைக் குறைத்தல், அசைவைக் கூட்டுதல், நான்கு வாரத்தில் முழு வலிமை பெறுதல்." முதல் இரண்டை எந்த நோயாளியின் தாளிலும் எழுதலாம், அதனாலேயே அவை இந்த அக்காவின் இலக்குகள் ஆகா. மூன்றாவது நடக்காது. ஆறு வாரத்தில் 7 கிலோ ஏறியிருக்கிறது, அதாவது வாரத்துக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். போகப்போக ஏற்றம் மெதுவாகும். நான்கு வாரத்தில் இன்னும் 13 கிலோ எங்கிருந்து வரும்? 15 கிலோ என்று எழுதினால் அது உங்கள் எண்களிலிருந்தே பிறந்த இலக்கு. எட்டாவிட்டால் ஏன் எட்டவில்லை என்று கேட்கவும் அதில் இடம் இருக்கிறது.

அதைவிட முக்கியமானது, இலக்கை அவருடைய வேலையிலிருந்து எடுப்பது. நண்டு கம்பெனி வேலை என்ன என்பது உங்கள் அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை. மண்டபத்திலேயே இருக்கிறீர்கள், அந்த வேலையை உங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. இருந்தாலும் ஒன்று செய்யுங்கள். அடுத்த முறை வரும்போது இரண்டு அவித்த நண்டும், வேலையில் பிடிக்கும் அந்தச் சிறிய கத்தியும் கொண்டுவரச் சொல்லுங்கள். மேசையில் தாள் விரித்து, அவர் எப்போதும் செய்வதுபோலச் செய்யட்டும். நீங்கள் பக்கவாட்டில் உட்கார்ந்து மணிக்கட்டை மட்டும் பாருங்கள். இடது கை நண்டைப் பிடித்திருக்கும். வலது கட்டைவிரல் மேல் ஓட்டின் விளிம்பில் புகுந்து நெம்பும்போது மணிக்கட்டு எவ்வளவு மேலே மடங்குகிறது? உடலை இரண்டாகப் பிளந்து, அறைகளிலிருந்து சதையை உடையாமல் தள்ளி எடுக்கும்போது முன்கை எத்தனை முறை திரும்புகிறது? கத்தியைக் கிள்ளிப் பிடித்த இரண்டு விரல் நுனியும் வெளுக்கின்றனவா? எத்தனையாவது நிமிடத்தில் அவர் தோளை உயர்த்தத் தொடங்குகிறார்? மணிக்கட்டால் முடியாததைத் தோள் எடுத்துக்கொள்ளத் தொடங்கும் நேரம் அது. அதுவே அவருடைய இன்றைய வரம்பு.

இப்படிப் பார்த்தால் இரண்டு விஷயம் தெரியவரும். மேல்நோக்கிய மடக்கம் 45 பாகை இந்த வேலைக்குப் பெரும்பாலும் போதும். வீட்டு வேலைகளில் பெரும்பகுதியும் அதற்குள் முடிந்துவிடும். மீதி 25 பாகைக்காக நாளெல்லாம் கையை வளைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. குறை முழுக்க நுனிக்கிள்ளலிலும், நெடுநேரம் தாங்குவதிலும் இருக்கிறது. இலக்கும் அங்கேயே இருக்கட்டும்: "அடிபட்ட 17-ஆம் வார முடிவில், பத்து நிமிட இடைவேளையோடு இரண்டு மணி நேரம் நண்டுச் சதை பிரிக்க முடிய வேண்டும், மறுநாள் காலை வலி பத்துக்கு மூன்றைத் தாண்டக் கூடாது, பிடிவலிமை 15 கிலோ." மறுநாள் காலை என்று சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. எலும்பு கூடிய கை வேலை செய்யும்போது தாங்கிவிடும், இரவில் வீங்கி மறுநாள்தான் கணக்கைக் காட்டும். பனிக்கட்டி போட்ட சதையைத் தொடும் வேலையில் இது இன்னும் கூடும். குளிர் பட்டால் முறிந்த மணிக்கட்டு இறுகுகிறது, வலிக்கிறது என்று பலர் மாதக்கணக்கில் சொல்வார்கள்.

அவர் வாயாலேயே முன்னேற்றத்தைக் கேட்க ஓர் எளிய வழி உண்டு. அவருக்குக் கடினமான மூன்று காரியங்களை அவரையே சொல்லச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் பூஜ்ஜியம் முதல் பத்து வரை மதிப்பெண் போடச் சொல்லுங்கள். பூஜ்ஜியம் என்றால் செய்யவே முடியாது; பத்து என்றால் அடிபடுவதற்கு முன்போல. நண்டுக் காலை உடைப்பது, ஈரத் துணி பிழிவது, தண்ணீர்க் குடம் தூக்குவது என்று அவர் சொல்லக்கூடும். மூன்றின் சராசரி இரண்டு புள்ளி ஏறினால் அது உண்மையான ஏற்றம் என்று எடுத்துக்கொள்ளலாம். எழுதப் படிக்கச் சிரமப்படுபவரிடமும் வாய்மொழியாகவே கேட்டுவிடலாம். எலும்பு டாக்டர்களுக்கும் இது புரியும், பிடிக்கும்.

அடுத்து வருகைக் கணக்கு. 18-இல் 11 என்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். சிகிச்சை வேலை செய்யவில்லையா, அல்லது போதிய அளவு சேரவில்லையா என்று அவர் பிரித்துப் பார்க்க அது வேண்டும். ஆனால் "நோயாளி ஒழுங்காக வரவில்லை" என்று நீங்கள் எழுதியிருக்கும் வரியை அடித்துவிடுங்கள். தவறிய ஏழு நாட்களையும் உங்கள் நோட்டில் பார்த்தேன். நான்கு, மகனுக்குக் காய்ச்சல் கண்ட ஒரே சமயத்தில் விழுகின்றன. மூன்று, நீங்கள் காலை பதினொன்றுக்கு நேரம் கொடுத்த நாட்கள். வேதாளையிலிருந்து பஸ் பிடித்து வந்து போனால் அவருக்கு அரை நாள் போய்விடும். கடைசி மூன்று வாரத்தில், மாலை நேரம் மாற்றிக் கொடுத்தபின் ஒரு நாளும் தவறவில்லை. இதையே எழுதுங்கள்: "18 அமர்வுகளில் 11-க்கு வந்தார், குடும்பத்தில் உடல்நலக் குறைவு, பயண நேரம் ஆகியவற்றால் 7 தவறின, நேரம் மாற்றியபின் தொடர்ந்து வருகிறார்." அதோடு வீட்டுப் பயிற்சியைப் பற்றி ஒரு வரி. செய்கிறீர்களா என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். செய்து காட்டுங்கள் என்று சொல்லுங்கள். நீங்கள் வாய் திறக்கும் முன் கை வரிசையாகப் போனால் வீட்டில் செய்கிறார் என்று பொருள். "பயிற்சிகளைத் தூண்டுதல் இன்றிச் சரியாகச் செய்து காட்டினார்" என்பது டாக்டருக்கு நல்ல சான்று.

கம்பெனிக்கு இந்தக் கணக்கை வேறு மாதிரி கொடுக்க வேண்டும். வந்த நாட்களின் தேதிகள் போதும். சிகிச்சைக்கென்று அவருக்கு நேரம் விட்டிருந்தால் அதைக் கேட்க அவர்களுக்கு நியாயம் உண்டு. தவறிய நாட்களும் அவற்றின் காரணமும் அவருடைய குடும்ப விஷயம். எத்தனை அமர்வு திட்டமிட்டீர்கள் என்பதே அங்கே வேண்டாம்.

குணமாகும் காலத்துக்கு வருகிறேன். நீங்கள் "இரண்டு மாதத்தில் பூரண குணம்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு தேதியைக் குறித்துவிட்டால் கம்பெனி அந்தத் தேதியைப் பிடித்துக்கொள்ளும். கை தயாராகாவிட்டாலும் அந்த அக்கா போய் உட்கார வேண்டி வரும். இந்த முறிவில் பொதுவாக நடப்பது என்னவென்றால், பெரும்பகுதி முன்னேற்றம் முதல் ஆறு மாதத்தில் வந்துவிடும், மிச்சம் ஓராண்டு வரை மெல்ல மெல்லச் சேரும், அசைவு முதலில் திரும்பும், பிடிவலிமை பின்தங்கி வரும். இவருக்கு இப்போது பதின்மூன்றாவது வாரம். ஆகவே டாக்டருக்கு இப்படி எழுதலாம்: "நரம்பு நெருக்கம் இல்லை என்றாலோ, சிகிச்சையில் அடங்கினாலோ, அடிபட்டதிலிருந்து ஐந்து முதல் ஆறு மாதத்துக்குள் முழு வேலைக்குத் திரும்பக்கூடும், பிடிவலிமை அதன் பிறகும் ஏறும். 17-ஆம் வாரத்தில் பிடி 14 கிலோவையும் நுனிக்கிள்ளல் 3 கிலோவையும் எட்டாவிட்டால் திரும்ப உங்களிடம் அனுப்புகிறேன்." ஒரு வீச்சு, அது எதைப் பொறுத்தது, எந்த அடையாளத்தைக் கண்டால் மனதை மாற்றிக்கொள்வீர்கள் என்ற மூன்றும் இதில் இருக்கின்றன. நேர்மையாகச் சொல்லக்கூடியது அவ்வளவுதான்.

இடையில் வேறொன்றும் கவனியுங்கள். கை முழுவதும் வீங்கி, தோல் பளபளத்து, நிறமும் வியர்வையும் மாறி, தொட்டாலே எரிச்சலாக வலித்தாலும், கட்டைவிரலைப் பின்னால் தூக்க முடியாமல் திடீரென்று தொங்கினாலும், இரண்டுமே உடனே தொலைபேசியில் சொல்ல வேண்டியவை. இரண்டாவது, நுனி விலகாத எளிய முறிவிலும் வாரங்கள் கழித்து வரக்கூடிய தசைநாண் அறுதல். கொடுத்த பயிற்சியால்தான் அறுந்தது என்று வீட்டார் சொல்லக்கூடும் என்பதால், முந்தைய வருகை வரை கட்டைவிரல் தூக்கியது என்ற குறிப்பு உங்கள் நோட்டில் இருப்பது உங்களுக்கும் நல்லது.

கம்பெனிக் கடிதத்துக்கு முன் அந்த அக்காவின் சம்மதம் எழுத்தில் வேண்டும். கடிதத்தைத் தமிழிலேயே எழுதி, அவருக்கு வாசித்துக் காட்டி, "இதைக் கொடுக்கட்டுமா?" என்று கேட்டபின் கையெழுத்து வாங்குங்கள். மேலாளருக்கும் தமிழே வசதி. டாக்டர் பேசி முடித்தபின், அவர் சொன்ன எடை வரம்புகளோடு, ஏறக்குறைய இப்படிப் போகட்டும்:

"மருத்துவரின் பரிந்துரையின்படி எங்கள் மையத்தில் சிகிச்சை பெற்றுவரும் தங்கள் பணியாளர், இதுவரை கீழ்க்கண்ட 11 தேதிகளில் வந்துள்ளார். அவரால் முழுநேரம் உட்கார்ந்தோ நின்றோ பணியாற்ற முடியும். இடது கைக்குத் தடை இல்லை. வலது கையால் மட்டும் 2 கிலோவுக்கு மேலும், இரு கைகளாலும் 5 கிலோவுக்கு மேலும் தூக்க வேண்டாம். கத்தி பிடிக்கும் வேலை, நண்டு உடைக்கும் வேலை, அவிக்கும் பாத்திரத்தின் அருகில் வேலை, பனிக்கட்டியில் கை வைக்கும் வேலை ஆகியவை இப்போதைக்கு வேண்டாம். இந்த வரம்புகள் நான்கு வாரங்களுக்குப் பொருந்தும். அதன்பின் மறுபரிசோதனை செய்து தெரிவிப்போம். முழு வேலைக்கான தகுதிச் சான்றை அவருடைய மருத்துவர் வழங்குவார்."

கத்தியும் கொதிநீரும் ஏன் வேண்டாம் என்பது உங்களுக்குத் தெரியும்: மரத்த விரலில் வெட்டினாலும் சுட்டாலும் உடனே தெரியாது. ஆனால் நரம்பு என்ற சொல் கடிதத்தில் எங்குமே இல்லை. மேலாளருக்கு வேண்டியது முழுவதும் கிடைத்துவிட்டது, நோயின் பெயர் கிடைக்கவில்லை. அவர் தொலைபேசியில் அழைத்து, "என்னதான் பிரச்சினை, சொல்லுங்களேன்" என்று கேட்டால், "கடிதத்தில் இருப்பதுதான் நான் சொல்லக்கூடியது" என்று சொல்லி நிறுத்துங்கள்.

கடிதம் போகும் முன் அந்த அக்காவிடம் கூலியைப் பற்றிப் பேசிவிடுங்கள். இந்த வேலையில் பல இடங்களில் சதை பிரித்த எடைக்குத்தான் காசு. லேசான வேலை என்று நாம் நல்லெண்ணத்தில் எழுதினால், அவருக்கு அது பாதிக் கூலி என்று பொருளாகலாம். அப்போது வலியை மறைத்துக்கொண்டு மறுபடி கத்தியைத்தான் எடுப்பார். எடை போடுவது, தட்டு அடுக்குவது, ஏடு எழுதுவது போன்ற நாட்கூலி வேலை அங்கே இருக்கிறதா என்று அவரைக் கேட்டு, இருந்தால் அந்த வேலையின் பெயரையே கடிதத்தில் எழுதுங்கள். இல்லையென்றால் லேசான வேலை என்ற பேச்சை விட்டுவிட்டு, விடுப்பைப் பற்றி டாக்டரிடம் பேச அவரை அனுப்புங்கள். இ.எஸ்.ஐ.யில் சேர்ந்தவராக இருந்தால் நோய்க்கால உதவி கூலியில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை. அதற்குரிய சான்றை இ.எஸ்.ஐ. மருத்துவர்தான் தர வேண்டும். நம் அறிக்கை அதற்குத் துணை ஆவணம் மட்டுமே. நாமே விடுப்புச் சான்றோ தகுதிச் சான்றோ எழுதிக் கொடுப்பது சரியல்ல.

இது என்னை உங்கள் அறிக்கையின் முதல் வரிக்குக் கொண்டுபோகிறது. "வீட்டில் வழுக்கி விழுந்ததால்" என்று தொடங்குகிறீர்கள். இதை யார் சொன்னார்கள்? அந்த அக்காவே சொன்னாரா, கம்பெனியிலிருந்து வந்த தாளில் இருந்ததா? இ.எஸ்.ஐ.யில் வேலையிடத்து விபத்துக்குத் தற்காலிக ஊன உதவி 90 விழுக்காடு, கணக்கே வேறு. எங்கே விழுந்தார் என்று தீர்ப்புச் சொல்ல நாம் அங்கே இருக்கவில்லை. முதல் நாள் அவர் வாயால் சொன்னதை, "நோயாளி கூறியபடி" என்று டாக்டர் அறிக்கையில் மட்டும், அவர் சொற்களிலேயே எழுதுங்கள். அவர் சொல்லாத எதையும் யார் கேட்டாலும் சேர்க்காதீர்கள். கம்பெனிக் கடிதத்தில் விபத்தைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம்.

இரண்டு கடிதங்களிலும் தேதி, உங்கள் பெயர், பதிவு எண், கையெழுத்து இருக்கட்டும். இரண்டின் நகலையும் அந்த அக்காவிடம் கொடுத்து, ஒன்றை உங்கள் கோப்பில் வையுங்கள். கம்பெனிக் கடிதத்தை உறையில் ஒட்டாமல் அவர் கையிலேயே கொடுத்தனுப்புங்கள். தன்னைப் பற்றி என்ன போகிறது என்பது அவருக்குத் தெரிந்தே போகட்டும். டாக்டர் இரவுப் பட்டை போடச் சொன்னால் நடுவிரலிலிருந்து முன்கை வரை ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி கட்டுங்கள். கடைகளில் ஆயத்தமாகக் கிடைக்கும் பல பட்டைகள் மணிக்கட்டை மேல்நோக்கி வளைத்தே வைக்கின்றன, உள்ளே இருக்கும் தகட்டை எடுத்து நிமிர்த்திப் போட வேண்டும்.